டிரங்குப் பெட்டிக்குள் ஓர் உயில்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்குகிறார்கள். பெட்டி அம்மாவுடையது. மேலே கூறைப்புடவை, அதற்குக் கீழே பழைய ரேஷன் கார்டுகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் இரண்டு வெள்ளைத் தாள்கள். அப்பாவின் கையெழுத்தை மூத்த மகன் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்கிறார். முதல் வரியிலேயே ‘உயில் சாசனம்’ என்று இருக்கிறது.

அப்பா இறந்தது 2014 ஜனவரியில். அவர் உயில் எதுவும் எழுதவில்லை என்று நம்பி, 2015-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள். வீடு மூத்த மகனுக்கு, இரண்டு ஏக்கர் நன்செய் இளைய மகனுக்கு, வங்கியில் இருந்த பணத்தில் ஆறு லட்சம் மகளுக்கு, மீதம் அம்மாவுக்கு. நால்வரும் மனமொப்பிக் கையெழுத்திட்டார்கள். 2018-இல் இளைய மகன் தன் பங்கு நிலத்தைப் பக்கத்து வயல்காரருக்குக் கிரயம் செய்தும் கொடுத்துவிட்டார்.

இப்போது 2024 செப்டம்பர். 2006-ஆம் ஆண்டு தேதியிட்ட உயிலோ வேறு கதை சொல்கிறது. வீடு மகளுக்கு, நிலம் இரண்டு மகன்களுக்கும் சரிபாதி, வங்கிப் பணம் மனைவிக்கு. காரணத்தையும் அப்பா எழுதியிருக்கிறார்: மகள் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு 2004-இல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், அவளுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். உயில் பதிவு செய்யப்படவில்லை. அடியில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, முகவரியோடு.

இந்தக் குடும்பம் விளக்கத்துக்காக இங்கே அமைத்துக்கொண்டது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு முடிச்சும் நம் ஊர் உரிமையியல் நீதிமன்றங்கள் அவிழ்க்க வேண்டியிருந்த முடிச்சுதான். பங்கு பிரித்துப் பல ஆண்டுகள் கழித்து உயில் வெளிப்பட்டால், அது வெறும் பழைய காகிதமா, இல்லை பத்திரத்தையே புரட்டிப்போடும் ஆவணமா? பதில் அந்தக் காகிதத்தின் வயதில் இல்லை. அதில் சாட்சிகள் கையெழுத்திட்ட விதத்திலும், பெட்டி திறந்த பிறகு குடும்பம் நடந்துகொண்ட விதத்திலும் இருக்கிறது.

பெட்டி திறந்த அன்று

பெட்டி திறந்த ஒரு மணி நேரத்துக்குள் செய்வதும் செய்யாமல் விடுவதும் பின்னால் வழக்கின் போக்கையே மாற்றிவிடும். பாசத்தில் செய்கிற தவறுகளே அதிகம். கிழிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்டுவார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்வார்கள், ஓரத்தில் ‘இன்று கிடைத்தது’ என்று பேனாவால் குறிப்பார்கள். மை, தாள், மடிப்பு, உறை எல்லாமே நாளைக்குக் கையெழுத்து நிபுணர் முன்னால் போக வேண்டியவை. கிடைத்தது கிடைத்தபடியே இருப்பதுதான் நல்லது.

அந்தக் குடும்பம் செய்தது சரியான காரியம். உயிலை எடுத்த உறைக்குள்ளேயே மறுபடி வைத்து, உடனிருந்த மற்ற காகிதங்களையும் பிரிக்காமல் படம் எடுத்துக்கொண்டார்கள். யார் யார் உடனிருந்தார்கள், பெட்டி எங்கே இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்பதை ஒரு தனித் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். தாய்மாமனும் அங்கே இருந்தார், அவரும் கையெழுத்திட்டார்.

“இதைப் பார்க்காத மாதிரி இருந்துட்டா என்ன அண்ணே?” என்று தம்பி கேட்டார். அவர் நிலத்தை விற்று ஆறு வருஷம் ஆகிறது.

கேள்வி இயல்பானதுதான். ஆனால் அந்த வழியில் போவது ஆபத்து. வஞ்சக நோக்கத்தோடு உயிலை அழிப்பதும் ஒளிப்பதும் சொத்துத் தகராறு என்ற அளவில் நிற்பதில்லை, அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 477-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 343-ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. ஆயுள் தண்டனை வரை விதிக்க அது இடம் தருகிறது.

அடுத்த வேலை, இதற்குப் பின்னால் வேறு உயில் உண்டா என்று தேடுவது. ஒருவர் எத்தனை உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதே நிற்கும். 2006-இல் எழுதியதை 2010-இல் மாற்றியிருந்தால், டிரங்குப் பெட்டியில் கிடைத்தது செல்லாக் காகிதம். எங்கே தேடுவது? பலர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு ‘உயில் எதுவும் இல்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். இது பெரிய தவறு. வில்லங்கச் சான்றில் வருபவை கிரயம், அடமானம், செட்டில்மென்ட் போன்ற முதல் புத்தகப் பதிவுகள். பதிவான உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘மூன்றாம் புத்தகம்’ என்ற தனிப் பதிவேட்டில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் நகல் கிடைக்கும். அப்பா குடியிருந்த ஊர், வேலை பார்த்த ஊர் இரண்டிலும் விசாரிப்பது அவசியம்; சொத்து இருக்கும் இடத்தில்தான் உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதிவு ஆகாத உயில் செல்லாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முத்திரைத் தாளும் தேவையில்லை. பள்ளி நோட்டுத் தாளில் எழுதியதும் உயில்தான். உயில் எழுதியவர் இறந்த பிறகுகூட, அதன்படி பயன் பெறுபவர் அதைச் சார்பதிவாளரிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்யக் கேட்கலாம். அவர் விசாரணை நடத்தி, எழுதியது அவர்தான், அவர் இறந்துவிட்டார், கொண்டுவந்தவருக்கு அந்த உரிமை உண்டு என்ற மூன்றும் மனநிறைவாகத் தெரிந்தால் பதிவு செய்வார். அப்படிப் பதிவானாலும், நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வேலை அப்படியே பாக்கி இருக்கும்.

இரண்டு சாட்சிகள்

உயிலின் உயிர் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது இதுதான்: எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திட்டதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் என்பது இல்லை.

நீதிமன்றத்துக்குப் போனால், அந்தச் சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். நம் குடும்பத்தில், அப்பாவோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் முதல் சாட்சி, அவர் இறந்துவிட்டார். இரண்டாவது சாட்சி முன்னாள் கிராம நிர்வாக அலுவலர். எண்பது வயதைக் கடந்து, திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அவர் வந்து “ஆமாம், இது என் கையெழுத்துதான்” என்று சொன்னால் போதுமா? போதாது. பல உயில்கள் விழுவது இந்த இடத்தில்தான். அப்பா கையெழுத்திட்டதைத் தான் பார்த்ததாகவும், தான் அப்பாவின் முன்னிலையில் கையெழுத்திட்டதாகவும், மற்ற சாட்சியும் அவ்வாறே செய்ததாகவும் அவர் சொல்ல வேண்டும். ஒரே சாட்சியை அழைக்கும்போது, இருவர் கையொப்பமிட்ட விதத்தையும் அவர் ஒருவரே நிரூபித்தாக வேண்டும் என்று 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. “ஆசிரியர் எப்போ கையெழுத்துப் போட்டாருன்னு எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்லிவிட்டு, வேறு சான்றும் இல்லாவிட்டால், உண்மையான உயிலும் தோற்றுப்போகும்.

ஆகவே, அப்படி ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததுமே அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். எண்பது வயதுக்காரரின் நினைவும் உடல்நிலையும் வழக்கின் வேகத்துக்காகக் காத்திருக்கப்போவதில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது கூடாது. அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வழக்குத் தொடுத்த பிறகு, நடக்க முடியாத சாட்சியின் வாக்குமூலத்தை ஓர் ஆணையரை அனுப்பி வீட்டிலேயே பதிவு செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கவும் வழி உண்டு.

இரண்டு சாட்சிகளும் இறந்துபோயிருந்தால்? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 68-ஆம் பிரிவு. குறைந்தது ஒரு சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான் என்றும், உயில் எழுதியவரின் கையெழுத்து அவருடையதுதான் என்றும் நிரூபிக்க வேண்டும். அந்தக் கையெழுத்துகளோடு பழகியவர்கள் சாட்சி சொல்லலாம். ஓய்வூதியத் தாள், பள்ளி வருகைப் பதிவேடு, வங்கியின் மாதிரிக் கையெழுத்து அட்டை, பழைய கிரயப் பத்திரம் ஆகியவற்றோடு ஒப்பிடலாம். ஒப்பிடும் கையெழுத்து அதே காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால் பலன் அதிகம். ஐம்பது வயதில் போட்ட கையெழுத்தும் எழுபது வயதில் நடுங்கும் கையோடு போட்டதும் ஒன்றுபோல இருக்காது.

‘முப்பது வருஷத்துக்கு முந்தைய பத்திரத்துக்கு நிரூபணமே தேவையில்லை’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வெளிவந்தால், அது உண்மையானதே என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்ற விதி இருப்பது உண்மைதான். அது உயிலுக்குப் பொருந்தாது. பர்பூர் சிங் வழக்கில் 2008-இலும், அசுதோஷ் சமந்தா வழக்கில் 2023-இலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. மற்றப் பத்திரங்கள் எழுதிய நாளிலேயே நடைமுறைக்கு வருகின்றன. உயிலோ எழுதியவர் இறந்த பிறகுதான் வாய் திறக்கிறது. அதனால் டிரங்குப் பெட்டியில் அரை நூற்றாண்டு கிடந்த உயிலும், போன வருஷம் எழுதிய உயிலும், நிரூபணத்தில் ஒரே படியில்தான் நிற்கின்றன.

தற்செயலாகக் கிடைத்ததா?

கையெழுத்துகள் நிரூபணமான பிறகும் நீதிமன்றம் உடனே திருப்தி அடைந்துவிடுவதில்லை. 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றுவரை உயில் வழக்குகளுக்கு அடிப்படை: உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழல் இருந்தால், அதை விளக்கிப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

தாமதமாகக் கிடைக்கும் உயிலில் முதலில் எழும் சந்தேகம், இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்பது. இதற்கு ஜஸ்வந்த் கவுர் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பஞ்சாபில் பெரும் சொத்துள்ள ஒருவர் 1954 டிசம்பரில் இறந்தார். அவருடைய மனைவியரில் ஒருவர் சொத்தில் பங்கு கேட்டு வழக்காடினார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1957 ஆகஸ்டில், 1945-ஆம் ஆண்டு தேதியிட்ட ஓர் உயில் வெளிவந்தது. தாத்தாவின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதாகப் பேரன் சொன்னார். அந்த உயிலால் லாபம் அடைபவரும் அதே பேரன்தான். இறந்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஒருவர் கண்ணிலும் படாத உயில், வழக்கின் நடுவே இப்படிக் கிடைத்தது என்ற விளக்கத்தை 1976-இல் உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. வேறு பல குறைகளோடு சேர்ந்து அந்த உயில் விழுந்தது.

கும்பகோணத்துக் குடும்பத்தை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உயிலைக் கண்டெடுத்தவர் மூத்த மகன். அந்த உயில் நிலைத்தால் வீட்டை இழக்கப்போகிறவரும் அவரே. தனக்கு எதிரான காகிதத்தை ஒருவர் தானே எடுத்து நீட்டும்போது, அது புனைந்தது என்ற சந்தேகம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. கிடைத்த இடம் அம்மாவின் பெட்டி. அப்பாவின் காகிதம் அங்கே இருப்பதில் வியப்பில்லை. உயில் சொல்லும் காரணமும் இயல்பானது. கைம்பெண்ணான மகளுக்கு வீடு என்பது எந்த நீதிபதிக்கும் புரியும் காரணம்.

அதே உயில் மகளின் அலமாரியில், மகள் கையில், அண்ணனோடு சண்டை வந்த மறு வாரம் கிடைத்திருந்தால், தாளும் மையும் கையெழுத்தும் அதேதான் என்றாலும் வழக்கு வேறு வழக்காகியிருக்கும்.

மகள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இங்கேயும் உண்டு. அவர் அம்மாவோடு அதே வீட்டில் இருந்தவர். ‘உயில் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியாதா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். தெரிந்தே 2015-இல் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு ஆறு லட்சத்தை வாங்கிக்கொண்டார் என்று நிறுவப்பட்டால், உயில் உண்மையாகவே இருந்தாலும் அவருடைய வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

பிரித்தது என்ன ஆகும்?

உயில் உண்மை என்று வைத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டுப் பத்திரம் தானாகவே காற்றில் கரைந்துவிடுமா? இல்லை. பதிவான பத்திரம், ஒரு நீதிமன்றம் ரத்து செய்யும்வரையிலோ, எல்லோரும் சேர்ந்து புதுப் பத்திரம் எழுதும்வரையிலோ ஏட்டில் நிற்கும். பட்டாவும் அதன்படியே தொடரும். தாசில்தாரிடம் உயிலைக் காட்டிப் பட்டா மாற்றக் கேட்டால், வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்த மாத்திரத்தில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். உயில் உண்மையா இல்லையா என்று தீர்மானிப்பது வருவாய்த்துறையின் வேலை அல்ல.

பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கான அடிப்படை எளிமையானது. நால்வரும் ‘உயில் இல்லை’ என்று நம்பிக் கையெழுத்திட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. அந்தக் கணக்கில்தான் பேசிப் பிரித்தார்கள். ஒப்பந்தத்தின் ஆணிவேரான ஒரு விஷயத்தில் எல்லாத் தரப்பும் தவறான நம்பிக்கையில் இருந்தால், அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு.

காலக் கெடுதான் அடுத்த கண்டம். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. நம் கணக்கில் 2024 செப்டம்பரிலிருந்து 2027 செப்டம்பர் வரை. சொத்தின் உரிமையை நிலைநாட்டி அனுபவத்தைத் திரும்பப் பெறும் வழக்குக்கோ, எதிர்த்தரப்பின் அனுபவம் பாதகமானதாக மாறிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு. மூத்த மகன் வீட்டைத் தனக்கே உரியது என்று 2015-இல் எடுத்துக்கொண்டார் என்று வைத்தால், அதுவும் 2027-இல் முடிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அப்பா இறந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று வாதாடினால் 2026 ஜனவரியோடு முடிந்துவிடும். மூன்று வருஷம் இருக்கிறதே என்று மகள் சும்மா இருக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம். பெட்டி திறக்க இன்னும் சில ஆண்டுகள் தாமதமாகியிருந்தால், நிரூபிக்கக்கூடிய உயிலும் காலாவதியான உரிமையும் கையில் இருக்கும்.

சொத்து சென்னை நகர எல்லைக்குள் இருந்தால், உயிலை வைத்து உரிமை கோருவதற்கு முன் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. கும்பகோணம் போன்ற ஊர்களில் அது கட்டாயமாக இருந்ததில்லை; உரிமையியல் வழக்கிலேயே உயிலை நிரூபிக்கலாம். புரோபேட் மனுவுக்கும் மூன்று ஆண்டுக் கெடு பொருந்தும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த மூன்று ஆண்டு, இறந்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும் என்பதில்லை. மனு போடும் உரிமை எழுந்த நாளிலிருந்து ஓடும். காலம் கடந்து வருவது சந்தேகத்தைக் கிளப்பும்; ஆனால் அதை விளக்க முடிந்தால் கதவு திறந்தே இருக்கும்.

இனி விற்றுப்போன நிலம். உயிலின்படி அந்த இரண்டு ஏக்கரில் மூத்த மகனுக்குப் பாதி உண்டு. அவர் வீட்டை இழந்து, நிலத்தில் பாதியைக் கேட்டால், பக்கத்து வயல்காரர் என்ன செய்வார்? அவர் 2018-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து, உரிய விலை கொடுத்து வாங்கினார். அந்தப் பாகப்பிரிவினையில் மூத்த மகனே கையெழுத்திட்டிருக்கிறார். ஒருவரை உரிமையாளராக வெளியே காட்ட நாமே இடம்கொடுத்துவிட்டு, அதை நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் பிறகு நிலத்தைக் கேட்பதைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. தவறு தெரிந்த நாளிலிருந்து கெடுவை எண்ணிக்கொள்ளும் சலுகையையும், அந்தத் தவறை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. வயல்காரரின் நிலை ஏறக்குறைய பத்திரமானது. மூத்த மகன் கேட்க முடிந்தது, தம்பி வாங்கிய கிரயத் தொகையில் தன் பாதியைத்தான்.

மகளும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பத்திரத்தை ரத்து செய்து வீடு அவருக்குத் தீர்ப்பானால், அதே பத்திரத்தின் வழியாக அவர் பெற்ற ஆறு லட்சத்தைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உயில்படி அந்தப் பணம் அம்மாவுடையது. அம்மா உயில் எழுதாமல் இறந்ததால், அது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு மறுபடி மகளுக்கே வரும்.

இத்தனையும் அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய சொத்து என்பதால்தான். வீடு தாத்தா காலத்துப் பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தால், அப்பா தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். மகன்களின் பங்குமீது அவர் எழுதியது செல்லாது. அதனால் உயிலைப் படித்தவுடன் அடுத்துப் பிரிக்க வேண்டியது தாய்ப் பத்திரக் கட்டு. யார் பெயரில், எந்த ஆண்டு, எப்படி வந்த சொத்து என்பது உயிலைப் போலவே முக்கியம்.

நீதிமன்றப் படி ஏறாமல்

முழு வழக்காக நடத்தினால் விசாரணை, மேல்முறையீடு என்று இது எளிதாகப் பத்தாண்டைத் தாண்டும். எண்பது வயதுச் சாட்சிக்கு அவ்வளவு காலம் இல்லை. குடும்பத்தினர் உயிலை ஏற்றுக்கொண்டால் வேறு வழி திறக்கிறது: குடும்ப ஏற்பாடு. 1976-இல் காலே வழக்கில், குடும்பத்துக்குள் தகராறைத் தீர்த்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டை நீதிமன்றங்கள் முடிந்தவரை தாங்கிப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்டிப்பாகக் கணக்குப் பார்த்த பங்காக அது இருக்க வேண்டியதில்லை.

நம் குடும்பத்தில் அப்படி ஒரு கணக்கு சாத்தியம். மூத்த மகன் வீட்டை மகளுக்குப் பதிவுப் பத்திரம் மூலம் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு ஈடாக, தம்பி நிலக் கிரயத்தில் பாதியைத் தவணையாக அண்ணனுக்குக் கொடுக்கலாம். மகள் தான் வாங்கிய பணத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேரவேண்டிய தலா இரண்டு லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். அல்லது மகள், “அண்ணன் பிள்ளைகளும் இங்கதான் வளர்ந்தாங்க, மாடி எனக்கு, கீழ்க்கட்டு அண்ணனுக்கு” என்று உயிலில் இருப்பதைவிடக் குறைவாகவே ஏற்றுக்கொள்ளலாம். அது அவர் உரிமை.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். உயில் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்பதும், 2015-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் எண்ணும் தேதியும், இனி யாருக்கு எது என்பதும். அசையாச் சொத்தில் உரிமை கைமாறும் பத்திரம் என்பதால் பதிவும் வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. பதிவு செய்யாத வெறும் பேச்சை நம்பி விட்டுவிட்டால், இதே கேள்வி அடுத்த தலைமுறையில் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் சிக்கலாகப் போய்ச் சேரும். மூல உயிலை யார் வைத்திருப்பது என்பதையும் பத்திரத்திலேயே குறித்துவிடுவது நல்லது.

இன்று உயில் எழுத உட்காருபவருக்கு இந்தக் கதையிலிருந்து ஒரு நேரான வழி உண்டு. பதிவு செய்ய மனமில்லாவிட்டால், உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. உறையின் மேல் எழுதியவர் பெயரும், உள்ளே உள்ள ஆவணம் என்ன என்பதும் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் இறந்த பிறகு யாராவது இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால், பதிவாளர் அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, உயிலை மூன்றாம் புத்தகத்தில் பதிந்து, நகல் தருவார். ஆனால் ‘உங்கள் அப்பா இங்கே ஓர் உயில் வைத்திருக்கிறார்’ என்று பதிவாளர் அலுவலகம் யாருக்கும் கடிதம் போடுவதில்லை. உறையை ஒப்படைத்த ஊரின் பெயரையும் ஆண்டையும், வீட்டில் நம்பிக்கையான இருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.